காணொளிக் கூட்டத்தில் எழுத்து ஓடவிடுவது பற்றிக் கொஞ்சம்



மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஐந்தரை வரை நான் போனை எடுப்பதில்லை என்று சிலருக்கு என்மேல் வருத்தம். அந்த நேரத்தில் மத்தியப் பிரதேசத்தில் சாகர் பக்கத்து ஆசிரியர்கள் ஐந்து பேரோடு எங்களுக்குக் காணொளிக் கூட்டம். இந்தப் பக்கம் திருக்கோஷ்டியூர், திருப்பத்தூர், காரைக்குடி என்று ஆறு பேர் இருக்கிறோம். நான்கு பேர் ஓய்வு பெற்றவர்கள், இரண்டு பேர் இன்னும் பணியில் இருப்பவர்கள். அவர்களுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எங்களில் இந்தி பேசுபவர் யாருமில்லை. ஆங்கிலத்தில் பேசலாமே என்பீர்கள். இரண்டு பக்கத்திலும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்தான். ஆங்கிலம் வாசிப்போம், ஆனால் ஒரு பிள்ளை ஏன் கழித்தலில் தடுமாறுகிறது என்று விளக்கிச் சொல்ல அந்த ஆங்கிலம் போதாது. அதனால் அவரவர் மொழியில் பேசுகிறோம், திரையின் அடியில் மற்ற மொழியில் எழுத்து ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது, எங்கே சறுக்குகிறது என்று பலர் கேட்டதால் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசும் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாய், வட்டமாகக் குழுக்கள், சுவரோரம் தாழ்வான கரும்பலகை, தட்டு நிறைய அட்டைகள், எந்தப் பிள்ளை எந்த அட்டையில் நிற்கிறது என்று காட்டும் ஏணி. இப்போது எண்ணும் எழுத்தும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு திணறும் பள்ளிக்கு அந்தப் பழைய அட்டைகளில் நிறையக் கைச்சரக்கு இருக்கிறது. சாகர் பக்கத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் உண்டு. அவர்களுக்கு அது வேண்டும். எங்களுக்கு அவர்களிடம் உள்ள கணக்கு விளையாட்டுகள் வேண்டும்.

முதலில் அமைப்பு. பெரும்பாலான செயலிகளில் கூட்டத் திரையின் கீழ்ப்பட்டையில் `CC` என்ற குறியோ `Show captions` என்ற பொத்தானோ இருக்கும். கூகுள் மீட்டில் கணினி என்றால் விசைப்பலகையில் `c` எழுத்தைத் தட்டினாலே போதும். இதைத் தொட்டால் பேசுவது பேசிய மொழியிலேயே எழுத்தாக ஓடும். அதை வேறு மொழியில் பார்ப்பது இரண்டாவது வேலை. அதற்கு எழுத்து அமைப்புகளுக்குள் போய், எந்த மொழிக்கு மாற்ற வேண்டும் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். `Translated captions` என்றோ அதுபோன்ற பெயரிலோ இருக்கும். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். எழுத்து இலவசமாக ஓடும். மொழிபெயர்ப்பு பொதுவாகக் கட்டணத் திட்டத்தில்தான் வரும், பெரும்பாலும் கூட்டத்தைக் கூட்டுபவரின் கணக்கைப் பொறுத்து. உங்கள் திரையில் அந்த வரியே தென்படவில்லை என்றால் போனை மாற்றிப் பயனில்லை, கூட்டுபவரிடம் கேளுங்கள். எங்களுக்குக் காரைக்குடியில் பணியில் இருக்கும் ஒரு டீச்சரின் மகன் தன் அலுவலகத்தில் கேட்டு, இந்த வேலைக்கென்று ஒரு கணக்கு வாங்கிக் கொடுத்தார்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. எந்த மொழிக்கு மாற்ற வேண்டும் என்பதை எல்லோரும் சரியாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எந்த மொழியில் பேசப்படுகிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் முதல் கூட்டத்தில் பேசும் மொழி எல்லோருக்கும் தமிழ் என்று இருந்தது. சாகர் டீச்சர் பேசத் தொடங்கியதும் திரையில் "பச்சை" என்று வந்தது. மறுபடி பச்சை, மறுபடி பச்சை. எங்களில் ஒருவர், கொடி நாளைப் பற்றி ஏதோ சொல்கிறார் போலிருக்கிறது என்றார். அந்த அம்மா சொன்னது "பச்சே", அதாவது பிள்ளைகள். செயலிக்கு நாம் தமிழ் என்று சொல்லிவிட்டால் அது காதில் விழும் எந்த ஒலியையும் தமிழ்ச் சொல்லில்தான் அடைக்கப் பார்க்கும். இது இந்தி, எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு ஒதுங்காது. ஆகவே வாக்கியம் மொத்தமும் சம்பந்தமில்லாத சொற்களாக ஓடினால், செயலி மோசம் என்று முடிவு கட்டும் முன் பேசும் மொழி எதில் நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டு மொழி பேசும் கூட்டத்தில் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பது செயலிக்குச் செயலி வேறு. டீம்ஸில் ஒருவர் பேசும் மொழியை மாற்றினால் கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் மாறிவிடும். ஒரே மொழி பேசும் கூட்டத்துக்கு அது வசதி. ஜூமில் பேசும் மொழி ஆளுக்கு ஆள் தனி. நான் தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம், அவர் இந்தி என்று வைத்துக்கொள்ளலாம். எங்களைப் போல இரண்டு மொழி மாறி மாறிப் பேசுபவர்களுக்கு ஆளுக்கு ஆள் தனியாக இருப்பதுதான் சரிப்படும். ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே போனுக்கு முன் இரண்டு பேர் உட்காரக் கூடாது. செயலிக்கு ஆள் தெரியாது, கணக்குதான் தெரியும். சாகரில் ஒரு போனில் மூன்று பேர் சேர்ந்து உட்காருவார்கள், மூவரும் இந்திதான் என்பதால் பிழைத்தோம்.

அடுத்து, பிழை எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி. இதில் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் காதால் கேட்டதை அதே மொழியில் எழுதுவது. பிறகு எழுதியதை வேறு மொழிக்கு மாற்றுவது. நம் வகுப்பில் சொல்வதெழுதுதல் ஒரு தேர்வு, மொழிபெயர்ப்பு இன்னொரு தேர்வு என்பது போல. ஒரு பிள்ளை மொழிபெயர்ப்பில் தப்புச் செய்தால் அது சொல்லைத் தப்பாகக் கேட்டதா, கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டதா என்று பார்ப்போம் இல்லையா? இங்கேயும் அதேதான். சில செயலிகளில் மூல மொழி எழுத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மட்டும் மொழிபெயர்ப்பை அணைத்துவிட்டு மூல எழுத்தைப் பார்க்கட்டும்.

ஒரு உதாரணம். எங்கள் பக்கத்து டீச்சர் ஒருவர், "பிள்ளைகள் தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு போய் வட்டமாக உட்காருவார்கள்" என்றார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஒரு அம்மா முகத்தைச் சுளித்தார். விசாரித்தால், பிள்ளைகள் தட்டிலிருந்து "ஜோங்க்" எடுப்பதாக அவர்கள் திரையில் வந்திருக்கிறது. ஜோங்க் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டை. மழைக்காலத்தில் காலில் ஏறுமே, அது. எங்கள் தமிழ் எழுத்தைப் பார்த்தோம், "அட்டை" என்று சரியாகவே எழுதியிருந்தது. ஆக, கேட்டதில் பிழை இல்லை, மாற்றியதில் பிழை. இப்படிப்பட்ட இடத்தில் உரக்கச் சொன்னாலும் மெதுவாகச் சொன்னாலும் பத்து முறை சொன்னாலும் அதே ஜோங்க்தான் வரும். சொல்லை மாற்ற வேண்டும். "கார்டு" என்றார் டீச்சர், உடனே சரியாகிவிட்டது. அன்று முதல் எங்கள் கூட்டத்தில் அட்டைக்குக் கார்டு என்றுதான் பெயர். தூய தமிழ் பேசும் எங்கள் தமிழாசிரியர் இதற்கு ஒப்புக்கொள்ள இரண்டு கூட்டம் ஆயிற்று.

மாறாக, மூல எழுத்தே தப்பாக இருந்தால் ஒலியில் பிழை. மின்விசிறி, தெருவில் போகும் ஒலிபெருக்கி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது. இவற்றோடு நம் பேச்சுத் தமிழும் ஒரு காரணம். "வந்துருச்சுல்ல, அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்று நம் சிவகங்கைத் தமிழில் வேகமாகப் போனால் எழுத்து தடுமாறுகிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போது பேசுவோமே, முழுச் செந்தமிழும் இல்லாமல் வீட்டுப் பேச்சும் இல்லாமல் ஒரு தமிழ், அதில் பேசினால் நன்றாக எழுதுகிறது. முப்பது வருடம் அந்தத் தமிழில் தொண்டை வறண்டவர்களுக்கு இது பெரிய காரியமா?

இனி இந்தியிலிருந்து தமிழுக்கு வரும் பக்கம். நான் வாலிபத்தில் தட்சிண பாரத இந்திப் பிரச்சார சபையின் பிராத்மிக் தேர்வு எழுதியவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பேச்சு புரியாது. அந்த அரைகுறை அறிவு இங்கே உதவியது. இந்தியில் "கல்" என்று ஒரு சொல். நேற்று என்றாலும் கல், நாளை என்றாலும் கல். வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைச்சொல்லைப் பார்த்துத்தான் எது என்று தெரியும். "பரசோம்" என்பதும் அப்படியே, முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் ஒரே சொல். ஓடும் எழுத்தோ வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை. கேட்ட வரைக்கும் எழுதிவிட்டு, மேலும் கேட்கக் கேட்கத் திருத்திக்கொள்ளும். ஆகவே திரையில் முதலில் "நாளை" என்று வரும். பேசுபவர் வினையைச் சொல்லி முடித்ததும் அது "நேற்று" என்று மாறும். கண் இமைத்தால் தவறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழிலும் இந்தியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. சொல்லுக்குச் சொல் அடுக்கினாலே பாதி வாக்கியம் சரியாக விழுந்துவிடும். ஆனால் இப்படிப்பட்ட மொழிபெயர்ப்புகள் பல நேரம் ஆங்கிலம் வழியாக நடக்கின்றன. இந்தியை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தைத் தமிழாக்குவது. ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்கும். சாகரிலிருந்து சிவகங்கைக்கு வர லண்டன் போய் வருவது மாதிரி. அதனால் வரி நின்ற பிறகுதான் வாசிக்க வேண்டும் என்று எங்களுக்குள் பழக்கம். நாள், மணி, எண்ணிக்கை இவற்றை மட்டும் பேச்சில் விடாமல் அரட்டைப் பெட்டியில் எண்ணால் தட்டிவிடுகிறோம்.

ஆங்கிலம் வழியாகப் போவதில் இன்னொரு இழப்பு உண்டு. அது எங்கள் குழுவையே உடைக்கப் பார்த்தது.

எங்களில் மூத்தவர் ஒரு தலைமையாசிரியர் ஐயா. எழுபதைத் தாண்டியவர். மூன்றாம் கூட்டத்தில் அவர் குறைத்தீர் கற்பித்தல் பற்றி நன்றாகப் பேசினார். சாகரிலிருந்து ஒரு இளைய டீச்சர் அவரிடம் கேள்வி கேட்டார். திரையில் தமிழில் வந்தது: "நீ இதை எத்தனை நாள் செய்தாய்? உன் பள்ளியில் எத்தனை குழந்தைகள்?" ஐயா ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு அவருடைய படம் அணைந்துவிட்டது. அடுத்த நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "என் பேத்தி வயசு இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. நீ, உன் என்கிறது. எனக்கு இந்த வயசில் இது தேவையா தம்பி?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தை எல்லோர் சம்மதத்தோடும் பதிவு செய்திருந்தோம். நான் போனில் அந்த இடத்தைப் போட்டு, திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, காதால் மட்டும் கேளுங்கள் ஐயா என்றேன். அந்தப் பெண் "ஆப்" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. ஒரு முறை "சர் ஜீ" என்றும் சொல்கிறார். இந்தியில் "தூ", "தும்", "ஆப்" என்று மூன்று படி உண்டு, ஆப் என்பது நம்முடைய நீங்கள் என்று விளக்கினேன். ஆப், ஆங்கிலத்துக்குப் போனதும் யாருக்கும் பொதுவான ஒரே சொல்லாகிவிடுகிறது. அங்கிருந்து தமிழுக்கு வரும்போது நீயா நீங்களா என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை, ஏதோ ஒன்றைப் போட்டுவிடுகிறது. சில வரியில் நீங்கள் என்றும் வரும், அடுத்த வரியிலேயே நீ என்றும் வரும். ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார் என்றால் அது ஆள் சொன்னதல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

ஐயா அந்த இடத்தை மூன்று முறை போடச் சொன்னார். "இன்னொரு தரம், அந்த ஜீ வர்ற இடம்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு வந்தார். சாகர் டீச்சருக்கு நடந்தது எதுவும் தெரியாது, சொல்லவும் இல்லை. இப்போதெல்லாம் ஐயா ஒரு காதில் மட்டும் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு, எழுத்தையும் பார்க்கிறார், குரலையும் கேட்கிறார். ஆப் என்று வந்தால் தலையை ஆட்டிக்கொள்கிறார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு நண்பர், 2023 டிசம்பர் 17 அன்று காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சை பாஷினி கருவி வழியாக அப்போதே தமிழில் கேட்கச் செய்தார்களே, அங்கே சரியாக வந்தது உங்களுக்கு வராதா என்றார். அங்கே ஒருவர் மேடையில், நல்ல ஒலிவாங்கியில், நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் பதினோரு பேர், நடுவில் ஒருவர் வீட்டுக் குக்கர் விசில், ஒருவர் வாசலில் மீன்காரர். கேள்வி, குறுக்குக் கேள்வி. ஒருவர் பேசுவதைவிட உரையாடல் கடினம்.

பணம் சம்பந்தப்பட்ட ஒரு இடத்தையும் சொல்ல வேண்டும். முதல் வகுப்புக் கணக்குக்கு ஒரு தொகுதி கார்டுகளை அவர்கள் பள்ளிகளுக்கு அச்சடிப்பது என்று பேச்சு வந்தது. அந்தப் பக்கத்து மூத்த ஆசிரியர் சொன்னது எங்கள் திரையில் "நாம் அச்சடித்துக்கொள்வோம்" என்று வந்தது. எங்களில் இருவர், செலவில் பாதி நம் தலையில் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓய்வூதியக்காரர்கள், கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். மூல எழுத்தைப் பார்த்தேன், "ஹம்" என்று இருந்தது. இந்தியில் ஹம் என்றால் நாமும் ஆகலாம், நாங்களும் ஆகலாம். கேட்பவரைச் சேர்த்தா, விட்டா என்று பிரிக்க நமக்கு இரண்டு சொல் இருக்கிறது, அவர்களுக்கு ஒன்றுதான். இதில் செயலியைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் மனிதர் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்திருந்தாலும், "யாரைச் சொல்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நாங்களும் கேட்டோம். "அச்சுச் செலவு சாகர் பள்ளிகளா, இரண்டு பக்கமுமா?" என்று அரட்டைப் பெட்டியில் தட்டினோம். "சாகர் மட்டும். உங்களிடம் கேட்பது மாதிரிப் படங்கள் மட்டும்" என்று பதில் வந்தது. இப்போது நாம், நாங்கள் வரும் இடத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். "திருக்கோஷ்டியூர் வரையும், சாகர் அச்சடிக்கும்." கேட்க வேடிக்கையாக இருக்கும், சண்டை வராது.

முடிவெடுக்கும் இடத்தில் இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறோம். ஒருவர் சொன்னதை மற்றப் பக்கத்தில் ஒருவர் தன் மொழியில், வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார். அது மறுபடி மொழி மாறி முதலில் சொன்னவர் திரையில் ஓடும். தான் சொன்னதுதான் திரும்பி வந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். இதற்கு நேரம் இரட்டிப்பு ஆகும், எல்லாவற்றுக்கும் செய்ய முடியாது. யார், எப்போது, எவ்வளவு என்ற மூன்றுக்கு மட்டும் செய்கிறோம். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பொருளுக்கு மேல் எடுப்பதில்லை.

எழுத்தே வராத இடமும் உண்டு. சென்ற கூட்டத்தில் அவர்கள் பள்ளியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லித்தரும் பாட்டு ஒன்றை அந்த இளைய டீச்சர் பாடினார். அது இந்திகூட இல்லை, அவர்கள் ஊர் புந்தேலி. திரையில் இரண்டு சொல் வந்தது, அழிந்தது, வேறு ஏதோ வந்தது, பிறகு வெறுமை. பாட்டையும் வட்டாரப் பேச்சையும் சேர்த்துக் கொடுத்தால் இந்தச் செயலிகள் கையை விரித்துவிடுகின்றன. தலைமையாசிரியர் ஐயாதான், "அதை அணைங்க தம்பி, மறைக்குது" என்றார். அணைத்துவிட்டுக் கேட்டோம். விரல் மடக்கி மடக்கி அவர் பாடியதில் ஐந்து வரும் இடமும் பத்து வரும் இடமும் எல்லோருக்கும் தெரிந்தது. நடுவில் உள்ளவை தெரியவில்லை. திங்கட்கிழமை அவர் பாட்டு வரிகளை இந்தியில் பொருளோடு தட்டி அனுப்பினார். மூன்றுக்கு மூன்று கல் அடுப்பு, ஏழுக்கு ஏழு நாள் சந்தை என்று போகிறது. சந்தைக்கு நம் பிள்ளைகளுக்கு எந்த ஊர்ச் சந்தையைப் போடலாம் என்று ஐயா யோசித்துக்கொண்டிருக்கிறார்.